கட்டபெட்டிலேயே சொல்லிவிடுங்கள்: கோத்தகிரி வட்டார விழாக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களே, செயலாளர்களே, வணக்கம்.

நம் ஊர்த் திருவிழாக்களுக்கும் கலை நிகழ்ச்சிகளுக்கும் அனுமதி மனு எழுதிக் கொடுப்பவன் நான். சீசன் நெருங்குகிறது. வந்து கேட்பவர்களில் பெரும்பாலானோர் ஒரே ஒரு தாளோடு வருகிறார்கள். "ஒலிபெருக்கி வைக்கவும் ஊர்வலம் செல்லவும் அனுமதி வேண்டும்" என்று ஒரு வரி எழுதி, காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஒலிபெருக்கி ஒரு விஷயம், சாலையை மூடுவது முற்றிலும் வேறு விஷயம். இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால், பிறகு எதற்கு அனுமதி கிடைத்தது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

ஒலிபெருக்கியை முதலில் முடித்துவிடுகிறேன். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி எழுத்துப்பூர்வமான அனுமதி கட்டாயம். மாவட்ட ஆட்சியரோ, துணைக் கண்காணிப்பாளருக்குக் குறையாத காவல் அதிகாரியோதான் அந்த விதிகளில் அதிகாரம் பெற்றவர்கள். மனுவை நிலையத்தில் கொடுக்கலாம். ஆனால் கையில் உத்தரவு வரும்வரை பெட்டிகளை ஏற்றச் சொல்லாதீர்கள். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மார்கழியில் விடியற்காலை நான்கரை மணிக்குப் பாட்டுப் போடுவதும் இதில் அடங்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இரவு 12 மணி வரை நீட்டித்துத் தர மாநில அரசால் மட்டுமே முடியும். அதுவும் பண்டிகை, கலாச்சார நாட்களுக்கு, ஆண்டுக்கு மொத்தம் 15 நாட்களுக்கு மிகாமல். நிலையத்தில் யாராவது "பதினொன்று வரை பார்த்துக்கொள்ளலாம்" என்று வாய்மொழியாகச் சொன்னால் அது அனுமதி ஆகாது.

எல்லோருக்கும் தெரிந்த 75 டெசிபல் கணக்கிலும் ஒரு பிழை நடக்கிறது. விழா நடக்கும் பொது இடத்தின் எல்லையில் ஒலி அளவு, அந்தப் பகுதிக்கு விதிக்கப்பட்ட அளவைவிட 10 டெசிபல் வரை கூடலாம், அல்லது 75 வரை போகலாம்; இவற்றில் எது குறைவோ அதுதான் வரம்பு. கடைவீதியில் பகல் அளவு 65, எனவே 75 வரை போகலாம். குடியிருப்புப் பகுதியில் பகல் அளவு 55. அங்கே உங்கள் வரம்பு 65 மட்டுமே. ஹட்டிக்குள் நடக்கும் விழாவுக்குக் கடைவீதிக் கணக்கைக் காட்டினால் செல்லாது. மாலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தங்கிவிடுவதால் ஒலி மேலே கலையாமல் தரையோடு தவழ்ந்து வெகுதூரம் போகும். பெட்டிகளின் முகத்தைப் பள்ளத்தாக்கின் பக்கம் திருப்பினால் எதிர்ச்சரிவு ஊர் முழுவதும் உங்கள் அறிவிப்பைக் கேட்கும். கூட்டம் நிற்கும் பக்கம், மேட்டை நோக்கித் திருப்பி வையுங்கள்.

இப்போது சாலை. இதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

ஒரு சாலையில் வாகனங்களைத் தடைசெய்யும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆம் பிரிவில் இருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டியது அரசோ அரசு அதிகாரம் அளித்த அலுவலரோதான். தடை ஒரு மாதத்துக்கு மேற்படாது என்றால் அரசிதழில் வெளியிட வேண்டியதில்லை. ஆனால் உள்ளூரில் சூழ்நிலைக்கேற்ற விளம்பரம் செய்தாக வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. நம் குழுக்கள் விட்டுவிடுவது இந்த விளம்பரத்தைத்தான்.

சமவெளியில் ஒரு தெருவை அடைத்தால் அடுத்த தெருவில் வண்டி திரும்பிவிடும். இங்கே அடுத்த தெரு கிடையாது. உதாரணத்துக்கு, மே மாத ஞாயிறு ஒன்றில் மாலை 4 மணி முதல் 8 மணி வரை கோத்தகிரி கடைவீதியில் ரத ஊர்வலம் என்று வைத்துக்கொள்வோம். ஊட்டியிலிருந்தும் குன்னூரிலிருந்தும் வரும் சாலைகள் கட்டபெட்டில் சேர்ந்து கோத்தகிரிக்கு வருகின்றன. தடுப்பு கடைவீதி முனையில் நிற்கிறது என்றால், அதுவரை வந்துவிட்ட பஸ் திரும்ப இடமில்லாமல் நிற்கும்; அதன் பின்னால் வரிசை நீளும். எனவே அறிவிப்புப் பலகையைத் தடுப்பின் அருகில் வைத்துப் பயனில்லை. வண்டி திரும்பவும் வேறு வழி தேர்ந்தெடுக்கவும் கடைசி வாய்ப்பு எங்கே இருக்கிறதோ அங்கே, அதாவது கட்டபெட்டு சந்திப்பில் வைக்க வேண்டும். கீழிருந்து வருபவர்களுக்கு அந்த இடம் மேட்டுப்பாளையம். குன்னூர் சாலையும் கோத்தகிரி சாலையும் பிரிவது அங்கேதான். மேட்டுப்பாளையம் கோவை மாவட்டம்; நம் மாவட்டக் காவல்துறைக்கு மட்டும் எழுதிய கடிதம் அங்கே போய்ச் சேராது. அந்தத் தகவலையும் அனுப்பும்படி மனுவிலேயே கேளுங்கள்.

இதோடு இன்னொன்று. கோடை சீசனில் ஒருவழிப் பாதை அமலில் இருக்கும் நாட்களில் மேலே வரும் வண்டிகள் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகள் கோத்தகிரி வழியாகவும் அனுப்பப்படுகின்றன. அந்த ஞாயிறு மாலை மலையிலிருந்து இறங்கும் கூட்டம் முழுவதும் உங்கள் ரதத்தின் பின்னால் வந்து நிற்கும். தேதியை முடிவு செய்யும் முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முடிந்தால் ஊர்வலத்தைக் காலைக்கு மாற்றுங்கள். மாற்ற முடியாதென்றால் சாலையின் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மறுபக்கத்தில் வண்டிகளை மாறிமாறி விடுவதாக மனுவில் எழுதுங்கள். முழுச் சாலையையும் கேட்பதைவிட இதற்கு ஒப்புதல் கிடைப்பதும் எளிது.

வார நாளில் விழா வைப்பவர்கள் தேயிலை லாரிகளை நினைத்துப் பாருங்கள். மாலையில் எடை போட்ட பச்சைத் தேயிலை மூட்டைகள் சாலையில் இரண்டு மணி நேரம் நின்றால், உள்ளே சூடேறி இலை சிவந்துவிடும். தொழிற்சாலை அதற்கு விலை குறைக்கும். அந்த நஷ்டம் நம் ஹட்டியின் சிறு விவசாயிக்குத்தான்.

மனுவை விழாவுக்கு மூன்று வாரம் முன்னதாகக் கொடுங்கள். சாலை நெடுஞ்சாலைத் துறையினுடையதா உள்ளாட்சியினுடையதா என்று பார்த்து, அவர்களுக்குத் தனியாக எழுதுங்கள். வளைவு நட சாலையில் குழி தோண்டுவதாக இருந்தால் அந்த அனுமதியும் அவர்களிடமிருந்துதான். ஊர்வலம் தொடங்கும் இடம், முடியும் இடம், நேரம், ரதத்தின் உயரம், பொறுப்பாளரின் கைபேசி எண் ஆகியவற்றோடு கையால் வரைந்த ஒரு வரைபடமும் இணையுங்கள். ரதத்தின் உயரத்தைப் பார்த்துத்தான் மின்வாரியம் எந்தக் கம்பியில் எப்போது மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்யும். போக்குவரத்துக் கழகக் கிளை, அரசு மருத்துவமனை, 108 சேவை, தீயணைப்பு நிலையம் ஆகியவற்றுக்கு நகல் கொடுத்து, உங்கள் படியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கிளை மேலாளருக்கு முன்பே தெரிந்தால் கடைசி பஸ்ஸை எங்கிருந்து எடுப்பது என்று அவர் மாற்றி அமைப்பார். தெரியாவிட்டால் ஹட்டிக்குத் திரும்ப வேண்டியவர்கள் இரவில் நடக்க வேண்டியதுதான்.

தடுப்புக்குக் கல்லும் மரக்கட்டையும் வேண்டாம். இரண்டு பேர் நொடியில் நகர்த்தக்கூடிய இரும்புத் தடுப்பு போதும். அங்கே நிற்கும் தொண்டர் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதும் யாரையும் கேட்காமல் திறக்கலாம் என்று அவரிடம் முன்பே சொல்லிவையுங்கள். ஊர்வலம் சீக்கிரம் முடிந்துவிட்டால், 8 மணி வரை காத்திருக்காமல், கட்டபெட்டிலும் மேட்டுப்பாளையத்திலும் இருப்பவர்களுக்குச் சாலை திறந்துவிட்டது என்று உடனே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். பலகைகளை அன்றிரவே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரிவாசி ஒருவன்