"ஈபியிலிருந்து வர்றோம்" என்று வீட்டு வாசலில் யாராவது நின்றால்: நம் குடியிருப்போருக்கு ஒரு திறந்த மடல்

நம் குடியிருப்பில் வசிக்கும் உரிமையாளர்களுக்கும் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் பிற்பகல் மூன்று மணிவாக்கில் மூன்றாவது மாடிக்கு இரண்டு பேர் வந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு ஃபைல். வீட்டில் இருந்தது ஒரு அம்மா மட்டும். "உங்க மீட்டர் சீல் உடைஞ்சிருக்கு, இது கரண்ட் திருட்டு கேஸ். 18,000 ரூபாய் இப்பவே கட்டினா இங்கேயே முடிச்சுடலாம், இல்லைன்னா லைனைக் கட் பண்ணிட்டுப் போலீசுக்குப் போவோம்" என்றார்களாம். அவர் தயங்கியதும், "எங்க ஏ.இ.கிட்டயே பேசுங்க" என்று தங்கள் போனை நீட்டினார்கள். அந்தப் பக்கம் பேசியவரும் அதையேதான் சொன்னார். அந்த அம்மா "எழுத்துல குடுங்க, செக்ரட்டரியைக் கூப்பிடுறேன்" என்றார். நான் படியேறி வருவதற்குள் இருவரும் போய்விட்டார்கள். வாட்ச்மேன் நோட்டில் "ஈபி" என்ற ஒற்றை வார்த்தைதான் இருந்தது.

அவர்கள் யார் என்று நமக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் சொன்னதை மின்சாரச் சட்டத்தோடு வைத்துப் பார்த்தால் எது பொருந்தவில்லை என்பது தெரிகிறது. அதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இந்த மடல்.

முதலில், உங்கள் பெயரும் சர்வீஸ் நம்பரும் அவர்களுக்குத் தெரிந்திருப்பதை நம்பிவிடாதீர்கள். நம் மீட்டர்கள் எல்லாம் தரைத்தளத்தில் ஒரே பேனலில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் வீட்டு எண்ணும் சர்வீஸ் நம்பரும் பெயின்டில் எழுதியிருக்கிறது. லிஃப்ட் பக்கத்தில் பெயர்ப் பலகை. கேட்டுக்குள் வந்த யாரும் ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம். இதே காரணத்தால் இன்னொன்றும் சொல்கிறேன்: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருபவர் கீழேயே வேலையை முடித்துவிடுவார். ரீடிங்குக்காகவோ சீல் பார்க்கவோ யாரும் உங்கள் ஹாலுக்குள் வரத் தேவையில்லை.

சரி, வீட்டுக்குள் வந்து சோதிக்க அவர்களுக்கு உரிமையே இல்லையா? இருக்கிறது. வீட்டு இணைப்பில் கடை நடத்துவது, மீட்டரைத் தாண்டி ஒயர் இழுப்பது போன்றவற்றைப் பார்க்க அதிகாரம் பெற்ற அலுவலர் உள்ளே வரலாம். ஆனால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் அதற்கு முறை வைத்திருக்கிறது. திருட்டுச் சந்தேகத்தில் சோதனை போட்டால் (பிரிவு 135) வீட்டில் குடியிருப்பவரோ அவர் சார்பில் ஒருவரோ கூடவே இருக்க வேண்டும். எதையாவது கைப்பற்றினால் பட்டியல் எழுதி உங்களிடம் தர வேண்டும். சூரியன் மறைந்த பிறகு, மறுநாள் உதிக்கும் வரை, அந்த வீட்டில் வசிக்கும் வயது வந்த ஆண் ஒருவர் முன்னிலையில் அல்லாமல் குடியிருப்பு வீட்டைச் சோதிக்கக் கூடாது. தனியாக இருக்கும் பெண்கள் இதைத் தயங்காமல் எடுத்துச் சொல்லலாம்.

பணம் கேட்கிற இடத்தில்தான் பொய் சுலபமாக வெளிப்படும். திருட்டு என்று கண்டுபிடித்தால் இணைப்பை உடனே துண்டிக்கச் சட்டம் இடம் தருகிறது, அந்த மிரட்டலில் அவ்வளவு உண்மை உண்டு. ஆனால் அப்படித் துண்டித்தவர் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தாக வேண்டும். திருட்டு இல்லாமல் முறைகேடான பயன்பாடு என்றால் (பிரிவு 126) தற்காலிக மதிப்பீட்டு ஆணை ஒன்றை உங்களுக்குக் கொடுப்பார்கள். ஒப்புக்கொண்டால் ஏழு நாளில் கட்டலாம், இல்லையென்றால் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். இரண்டு வழியிலும் காகிதம் உண்டு, உங்களுக்கு நேரமும் உண்டு. காகிதம் இல்லாமல், ரசீது இல்லாமல், வாசலிலேயே ரொக்கமோ ஜிபேயோ கேட்டால் கொடுக்காதீர்கள். வந்தவர் உண்மையான ஊழியராகவே இருந்தாலும் அப்படிக் கேட்பது லஞ்சம்தான். கட்ட வேண்டிய தொகை இருந்தால் அலுவலகக் கவுண்டருக்குப் போய்க் கட்டி ரசீது வாங்குங்கள்.

இனி உறுதி செய்வது எப்படி என்று சொல்கிறேன். கதவுச் சங்கிலியை எடுக்காமல், பெயர், பதவி, எந்த அலுவலகம் என்று கேளுங்கள். அட்டையில் இருப்பதைப் படித்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு "கொஞ்சம் இருங்க சார், ஆபீஸ்ல கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்துங்கள். அவர்கள் தரும் நம்பருக்கோ நீட்டும் போனிலோ பேச வேண்டாம். மூன்றாவது மாடியில் நடந்தது அதுதான்: அந்தப் பக்கம் பேசியவரும் அவர்கள் ஆளாகவே இருக்கலாம். நம் பகுதி பிரிவு அலுவலகத்தின் நம்பரை நானே அலுவலகத்துக்குப் போய் வாங்கி வந்து மீட்டர் அறைக் கதவிலும் ஒவ்வொரு மாடியிலும் ஒட்டியிருக்கிறேன். அதற்கு மட்டும் கூப்பிடுங்கள். அங்கே எடுக்காவிட்டால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987, இரவும் பகலும் இயங்குகிறது. யாரை எங்கே அனுப்பினார்கள் என்ற விவரம் அங்கே உடனே கிடைக்காமல் போகலாம். நடந்ததைப் புகாராகப் பதியச் சொல்லுங்கள்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. அமலாக்கப் பிரிவுப் பறக்கும் படை முன்கூட்டிச் சொல்லிவிட்டு வராது. அப்போது பிரிவு அலுவலகம் "எங்களுக்குத் தகவல் இல்லையே" என்று சொல்லக்கூடும். அதை வைத்து மட்டும் வந்தவர்களைப் போலி என்று முடிவு கட்டாதீர்கள், சண்டைக்கும் போகாதீர்கள். "உங்க ஆபீஸ்ல இருந்து ஒருத்தரை அனுப்புங்க, வந்ததும் திறக்கிறோம்" என்று சொல்லுங்கள். உண்மையான அலுவலர் அந்த நேரம் காத்திருப்பார். நுகர்வோர் ஒருவர் உள்ளே விட மறுத்தால்கூட, எழுத்தில் அறிவிப்பு கொடுத்து 24 மணி நேரம் கழித்துத்தான் அந்தக் காரணத்துக்காக இணைப்பைத் துண்டிக்க முடியும் என்கிறது பிரிவு 163. அதனால் பத்து நிமிடம் விசாரித்ததற்காக யாரும் உங்கள் ஃபியூஸைப் பிடுங்க முடியாது. காத்திருக்க மறுத்துக் கதவைத் தள்ளினால் 100க்கு அழைத்துவிட்டு அப்புறம் எனக்குச் சொல்லுங்கள்.

கேஸ் செக்கிங் என்று வருபவர்களுக்கும் இதே வழிதான். உங்கள் கேஸ் புத்தகத்தில் இருக்கும் ஏஜென்சி நம்பருக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். டியூபோ ரெகுலேட்டரோ அவரிடமே வாங்கியாக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது.

வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டேன்: இனி "ஈபி", "கார்ப்பரேஷன்" என்று மட்டும் எழுதக் கூடாது. பெயர், பதவி, அலுவலகம், வண்டி எண், போக வேண்டிய வீடு எல்லாம் எழுத வேண்டும், முதலில் இன்டர்காமில் உங்களைக் கேட்ட பிறகுதான் மேலே அனுப்ப வேண்டும். சில நேரம் உங்கள் விருந்தாளிகளும் கேட்டில் நிற்க வேண்டி வரும். அதற்காக வாட்ச்மேன் மேல் கோபப்படாதீர்கள்.

வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் உரிமையாளர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். சிஎம்சிக்குச் சிகிச்சைக்கு வந்து மாதக்கணக்கில் தங்கும் வங்காள, ஜார்க்கண்ட் குடும்பங்கள் நம்மிடம் ஆறேழு வீடுகளில் இருக்கின்றன. அவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஆபீஸ் எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. பகல் முழுக்க ஒருவர் ஆஸ்பத்திரியில், இன்னொருவர் வீட்டில் தனியாக. கைச்செலவுக்கும் மருந்துக்கும் வைத்திருக்கும் ரொக்கம் வீட்டிலேயே இருக்கும். இப்படி ஏமாற்ற வருபவர்களுக்கு அவர்களைவிட வசதியான ஆள் கிடைக்காது. அவர்கள் வாசலில் யாராவது நின்று பேசுவதைப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் தயவுசெய்து போய் என்னவென்று கேளுங்கள். இந்த அறிவிப்பின் சுருக்கத்தை இந்தியில் எழுதி வைத்துவிட்டேன். வங்காளியில் எழுதத் தெரிந்தவர் யாராவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் என்னிடம் சொல்லுங்கள், அதையும் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிவிடலாம்.

இப்படிக்கு,
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
சத்துவாச்சாரி, வேலூர்