கூத்துக் கலைஞரிடம் என்ன கேட்பது

அன்பு நண்பா,

உன் கடிதமும் பிள்ளைகள் எழுதிய கேள்வித்தாளும் வந்து சேர்ந்தன. இங்கே திரௌபதி அம்மன் கோயிலில் கொடி ஏறியாகிவிட்டது. பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து என்று ஊரே தூக்கத்தை மறந்து கிடக்கிறது. இந்தச் சமயத்தில் உன் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கூத்துக் கலைஞரைப் பேட்டி எடுக்கப் போகிறார்கள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. கேள்வித்தாளை இரண்டு முறை படித்துவிட்டேன். பேட்டி நன்றாக வரவேண்டும் என்பதால் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

இருபத்தைந்து கேள்விகளில் பாதியைத் தூக்கிவிடு. 'தெருக்கூத்து எப்போது தோன்றியது', 'எத்தனை வகைப்படும்' என்பதற்கெல்லாம் விடை நூலகத்தில் இருக்கிறது. அதை ஆடுகிறவரிடம் கேட்டால் அவரும் எங்கோ மேடையில் கேட்டதைத்தான் திருப்பிச் சொல்வார். 'இந்தக் கலை அழிந்து வருவதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்' என்ற கேள்வியில் பதிலையும் நாமே வைத்துவிட்டோம். வருகிற நிருபர் எல்லாரும் கேட்கிற கேள்வி அது, அவரிடம் பதில் தயாராக இருக்கும். அதற்குப் பதிலாக இப்படிக் கேட்கச் சொல்: "போன வருஷம் பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் எத்தனை ராத்திரி ஆடினீங்க? நீங்க கத்துக்கிட்ட காலத்துல உங்க வாத்தியார் அதே மாசங்கள்ல எத்தனை ராத்திரி ஆடினார்?" இரண்டு எண்ணும் கிடைத்துவிட்டால் மேலே எதுவும் கேட்கவேண்டியதில்லை. வித்தியாசம் எதனால் வந்தது என்று அவரே பேச ஆரம்பித்துவிடுவார்.

கலையின் பெயரையும் அவர் வாயிலிருந்தே வாங்கவேண்டும். உன் பிள்ளைகள் தலைப்பிலேயே தெருக்கூத்து என்று போட்டிருக்கிறார்கள். கட்டைச் சாமான் என்கிற மர அணிகளைக் கட்டி ஆடுவதால் கட்டைக்கூத்து என்றுதான் சொல்லவேண்டும், 'தெரு' என்ற சொல் மட்டம் தட்டுவதுபோல் இருக்கிறது என்று நினைக்கிற கலைஞர்கள் காஞ்சிபுரம் பக்கம் இருக்கிறார்கள். 1990ல் அங்கே ஆரம்பித்த சங்கத்தின் பெயரே கட்டைக்கூத்துச் சங்கம்தான். தெருக்கூத்து என்றே பெருமையாகச் சொல்கிறவர்களும் உண்டு. வெறுமனே கூத்து, நாடகம் என்பவர்களும் உண்டு. "நீங்க ஆடறதுக்கு என்ன பேர் சொல்வீங்க?" என்று முதலில் கேட்டுவிட்டு, அவர் சொன்ன பெயரையே கடைசி வரைக்கும் பிள்ளைகள் பயன்படுத்தட்டும். தலைப்பையும் அதன் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

போகிற நேரம் முக்கியம். விடிய விடிய ஆடிவிட்டு வந்தவர் மதியம் வரைக்கும் தூங்குவார். காலை பத்து மணிக்கு பிள்ளைகள் போய் நின்றால் மரியாதைக்கு எழுந்து உட்கார்ந்து 'ஆமாம், இல்லை' என்று முடித்துவிடுவார். கூத்து இல்லாத நாளாகப் பார்த்து சாயங்காலம் நாலு மணிக்குப் போகட்டும். பள்ளிக்கு அழைக்கவேண்டாம், அவர் வீட்டுக்கே போகட்டும். சாமான் பெட்டி அங்கேதானே இருக்கும்! நான்கு பேருக்கு மேல் போகக்கூடாது: ஒருவர் கேட்க, ஒருவர் எழுத, ஒருவர் பதிவு செய்ய, ஒருவர் படம் எடுக்க.

'உங்கள் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லுங்கள்' என்று பிள்ளைகள் ஆரம்பித்திருக்கிறார்களே, அதைப் பின்னால் தள்ளு. முதலில் பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கேட்கட்டும். கையில் ஒரு பொருள் வந்துவிட்டால் பேச்சு தானாக வரும். கிரீடத்தை வைத்தே ஒரு கால்மணி நேரம் எப்படிப் போகும் என்று காட்டுகிறேன், இதைப் பிள்ளைகளுக்கு மாதிரியாக வைத்துக்கொள்.

"இது எந்த வேஷத்துக்கு?" என்று தொடங்கட்டும். அடுத்து, "என்ன மரம்?" பெரும்பாலும் கல்யாண முருங்கை என்பார். உடனே "ஏன் அந்த மரம்?" என்று கேட்கவேண்டும், பிள்ளைகள் இங்கேதான் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார்கள். கல்யாண முருங்கை எடை குறைவு, செதுக்க மெத்தென்று இருக்கும். தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, நெஞ்சில் மார்ப்பதக்கம் என்று எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு கிறுக்கி அடித்துச் சுழல்கிறவருக்குக் கனமான மரம் ஆகாது. அதை அவர் தன் வார்த்தையில் சொல்லட்டும். பிறகு: "யார் செய்தது? கண்ணாடித் துண்டு எதுக்குப் பதிக்கிறீங்க? தீவட்டி, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல எப்படித் தெரிஞ்சுது, இப்ப மின்விளக்குல எப்படித் தெரியுது? எதைக் கொண்டு தலையில கட்டி நிறுத்தறீங்க? ஆடும்போது அவிழ்ந்தா என்ன செய்வீங்க?" கடைசிக் கேள்விதான் உயிர். பழுது வந்தால் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டால்தான் தொழில் தெரிந்தவனின் அறிவு வெளியே வரும். பின்பாட்டுக்காரர் ஒரு அடியை நீட்டிப் பிடிப்பதும், கதையை நடத்திப்போகிற கோமாளியான கட்டியங்காரன் உள்ளே புகுந்து பேசி நேரம் வாங்கித் தருவதும் இந்த மாதிரிக் கேள்விக்குத்தான் பதிலாக வரும்.

கிரீடத்தைக் கையில் எடுப்பதற்கு முன் "தொடலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்கவேண்டும். பூஜை போட்டுத்தான் எடுப்பார்கள், கண்ட இடத்தில் வைக்கவிடமாட்டார்கள். பிள்ளைகள் தலையில் வைத்துச் செல்ஃபி எடுப்பது கூடவே கூடாது. வேஷம் கட்டிக் காட்டச் சொல்லவும் வேண்டாம். பொடியை எண்ணெயில் குழைத்து முகத்தில் பூசி, கண்ணும் புருவமும் எழுதி, கட்டை கட்டி முடிக்க வெகுநேரம் ஆகும். அதைப் பார்க்க ஆசையிருந்தால் கூத்து நடக்கிற ராத்திரி ஒன்பது மணிக்கு, அவர் அனுமதியோடு போய் ஓரமாக உட்கார்ந்து பார்க்கட்டும். அங்கே கேள்வி எதுவும் வேண்டாம்.

சாமான் முடிந்ததும் ஒரே ஒரு ராத்திரியை எடுத்துக்கொண்டு, சாயங்காலத்திலிருந்து விடியல் வரை அவரை நடத்திக் கூட்டிப்போவதுபோலக் கேட்கட்டும். 'பொதுவாக எப்படி ஆடுவீர்கள்' என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "கடைசியா எந்த ஊர்ல ஆடினீங்க? என்ன கூத்து?" என்று குறிப்பாகப் பிடிக்கவேண்டும். திரௌபதி வஸ்திராபகரணம் என்று வைத்துக்கொள். ஊருக்கு எத்தனை மணிக்குப் போனார்கள், சாப்பாடு யார் போட்டார்கள், ஆடுகிற இடமான களரியைக் கட்டுவது எப்போது, யார் யார் என்ன வாசித்தார்கள், கட்டியங்காரன் எப்போது வந்தான், துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று என்ன பாடினான், திரையை யார் பிடித்தார்கள், எப்போது விலக்கினார்கள் என்று வரிசையாகப் போகலாம். விருத்தம், தரு, வசனம் மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று இலக்கணம் கேட்கவேண்டாம். திரையில் பாடியதை மெதுவாக ஒருமுறை பாடிக் காட்டச் சொன்னால் மூன்றும் காதிலேயே பிரிந்துவிடும். பாடச் சொல்வதற்கு இதுதான் சரியான இடம். போனதும் போகாததுமாக 'ஒரு பாட்டுப் பாடுங்க ஐயா' என்றால் குரல் சூடேறாமல் பாடவேண்டிவரும், விருப்பத்தோடும் பாடமாட்டார்.

துகில் உரிகிற இடத்துக்கு வரும்போது கேட்கிற விதத்தில் கவனம் வேண்டும். கற்பூரம் ஏற்றுவதும் ஜனங்கள் கும்பிடுவதும் அங்கே நடக்கும். சிலருக்கு ஆவேசமும் வரும். 'உங்களுக்குச் சாமி வருமா' என்று கேட்டால் நம்புகிறாயா இல்லையா என்று சோதிப்பது மாதிரி ஆகிவிடும். "அந்த இடத்துல நீங்க என்ன செய்வீங்க, ஜனங்க என்ன செய்வாங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவேண்டும். பதில் நின்றதுபோல் தெரிந்தாலும் மனசுக்குள் பத்து எண்ணும் வரை அடுத்த கேள்விக்குப் போகக்கூடாது. நல்ல பதில் பல நேரம் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும். பிள்ளைகளுக்கு இதைத்தான் வகுப்பில் அதிகம் பழக்கவேண்டும், இரண்டு இரண்டு பேராக உட்கார்த்திப் பழக்கு.

அதன் பிறகு கற்றுக்கொண்ட கதை: முதலில் கட்டிய வேஷம் எது, அடவு முதலிலா பாட்டு முதலிலா, வாத்தியார் எதற்குத் திட்டுவார், பாடம் நோட்டில் இருக்கிறதா வாயில் இருக்கிறதா. ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், பெண் வேஷம் யார் கட்டுகிறார்கள் என்பதும் இங்கேயே வரட்டும். சாதி பற்றி நேராகக் கேட்கவேண்டாம். அவரே சொன்னால் கேட்டுக்கொள்ளட்டும். அதை எழுதுவதா வேண்டாமா என்பது அவர் விருப்பம். பணம் பற்றிய கேள்வி கடைசியில். 'எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள்' என்பது பிள்ளைகள் கேட்கிற கேள்வி இல்லை. "அச்சாரம் யார் கையில குடுப்பாங்க? வந்ததை ஜமாவுல எப்படிப் பங்கு பிரிப்பீங்க? வேன் வாடகை, சவுண்ட் செட் யார் கணக்கு? கூத்து இல்லாத மாசங்கள்ல என்ன வேலை?" என்று கேட்டால் தொகை தெரியாமலே பிழைப்பு முழுதும் தெரிந்துவிடும்.

பதிவு விஷயத்தில் ஒன்றுதான் சொல்லவேண்டும். போனை விமான முறையில் போட்டு அவருக்கு ஒரு முழம் தள்ளி, துணி விரித்து வைக்கட்டும். மின்விசிறிக்குக் கீழே வைத்தால் இரைச்சல்தான் மிஞ்சும். ஆர்மோனியத்தோடு பாடினால் போனை அவர் வாய்ப்பக்கம் நகர்த்தவேண்டும், இல்லாவிட்டால் சுதி சொல்லை விழுங்கிவிடும். பதிவை எங்கே வைப்பீர்கள், யார் கேட்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்கி, அந்தச் சம்மதத்தையும் பதிவில் முதலில் சேர்க்கவேண்டும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்கப் பிள்ளைகளுக்கு ஐந்தாறு மணி நேரமாவது பிடிக்கும், அதனால் நான்கு பேரும் பங்கு போட்டுக்கொள்ளட்டும்.

எழுதும்போது அவர் சொல்லைத் திருத்தாதே. வஸ்திராபகரணத்தை அவர் 'வஸ்திராபரணம்' என்று சொன்னால் அப்படியே எழுதி, பக்கத்தில் வேண்டுமானால் புத்தகத்தில் உள்ளதைப் போடு. பாட்டில் ஒரு அடி அச்சுப் புத்தகத்தோடு ஒத்துவராவிட்டால் அது தப்பு என்று முடிவு கட்டவேண்டாம். அவர் வாத்தியார் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கலாம், தாளத்துக்காக மாறியிருக்கலாம். எழுதியதை எடுத்துக்கொண்டு இன்னொரு முறை போய் அவரிடம் படித்துக் காட்டவேண்டும். அந்த இரண்டாவது சந்திப்பில்தான் 'இதை எடுத்துடுங்க', 'இங்க ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்' என்பதெல்லாம் வரும். உன் அட்டவணையில் அதற்கு நாளே இல்லை, ஒதுக்கிவிடு.

போகும்போது வெற்றிலை பாக்கு, பழம் வாங்கிக் கொடுத்து அனுப்பு. ஒரு சாயங்காலத்தை நமக்காக விடுகிறார், பள்ளியால் முடிந்த தொகையைத் தட்டில் வைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. திருத்திய கேள்வித்தாளை இதோடு வைத்திருக்கிறேன், பன்னிரண்டு கேள்விதான் மிஞ்சியது. பிள்ளைகள் கேட்டுவிட்டு வந்ததும் கிரீடத்தைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

உன் அன்பு நண்பன்