விடைத்தாள் கட்டோடு இருக்கை வரைபடத்தையும் தாருங்கள்

திருகோணமலை வலயப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும் பகுதித் தலைவர்களுக்கும்,

வணக்கம். தவணைப் பரீட்சை முடிந்து விடைத்தாள் கட்டுகள் ஆசிரியர்களின் கைக்கு வரும்போது, யார் பார்த்தெழுதியது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பும் கூடவே வருகிறது. தட்டச்சு செய்த கட்டுரை என்றால் மென்பொருளில் போட்டுப் பார்த்துவிடலாம். பிள்ளைகள் பேனையால் எழுதி, வெட்டி, ஓரத்தில் கணக்குப் போட்டுத் தரும் தாளை நாங்கள்தான் வாசித்தாக வேண்டும். அதனால்தான் இதை எழுதுகிறேன். இரண்டு விடைகள் ஒரே மாதிரி இருக்கின்றன என்ற ஒரே காரணத்துக்காக இரண்டு பிள்ளைகளுக்கும் பூச்சியம் போடும் வழக்கம் அநியாயமானது. அதை நிறுத்த வேண்டும்.

சரியான விடைகள் ஒத்திருப்பதில் புதினம் ஒன்றுமில்லை. ஒரே டியூஷன் வகுப்பில் பாடமாக்கிய வரைவிலக்கணம் பத்துப் பேரின் தாளிலும் சொல்லுக்குச் சொல் அப்படியே இருக்கும். எல்லோரும் விடுகிற பிழையும் சாட்சியாகாது. நாங்கள் தேட வேண்டியது வகுப்பில் வேறு யாரும் விடாத பிழையை.

தரம் 11 கூட்டு வட்டிக் கணக்கு ஒன்றைப் பாருங்கள். 40,000 ரூபாய், 12 சதவீதம், இரண்டு வருடம். முதல் வருட முடிவில் 44,800. இரண்டாம் வருட வட்டி 5,376. மொத்தம் 50,176. வகுப்பில் பலர் எளிய வட்டி போட்டு 49,600 என்று எழுதுவார்கள். அந்த விடை அடுத்தடுத்து இருந்த இருவரிடம் இருந்தாலும் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இப்போது வேறொரு தாள். அதில் இரண்டாம் வருட வட்டி 5,276, மொத்தம் 50,076 என்று இருக்கிறது. ஓரத்தைப் பார்த்தால் காரணம் தெரிகிறது: 448ஐ 12ஆல் பெருக்கி, 4480ஐயும் 896ஐயும் கூட்டும்போது பிள்ளை ஒன்றைக் கொண்டுபோக மறந்துவிட்டது. பக்கத்து மேசைத் தாளில் வட்டி 5,216. ஆனால் மொத்தம் அதே 50,076. 44,800உடன் 5,216ஐக் கூட்டினால் 50,016தானே வர வேண்டும்? ஓரத்தில் செய்கையும் இல்லை. முதல் பிள்ளை 7ஐ 1 போல எழுதுகிற பிள்ளை. அப்படியென்றால் யார் யாரைப் பார்த்தது என்பதையும் இந்தத் தாள்களே சொல்லிவிடுகின்றன. இருவருக்கும் பூச்சியம் போட்டிருந்தால், தன் கையால் கணக்குப் போட்ட பிள்ளையையும் சேர்த்துத் தண்டித்திருப்போம்.

ஒரு தாளை முதலிலிருந்து கடைசிவரை திருத்திவிட்டு அடுத்ததை எடுத்தால் இது கண்ணில் படாது. நாற்பது தாள்களிலும் மூன்றாம் வினாவை மட்டும் ஒரே இருப்பில் திருத்த வேண்டும். அப்போதுதான் 5,216ஐக் கண்டதும் சற்று முன் பார்த்த 5,276 நினைவுக்கு வரும். தாள்கள் சுட்டெண் வரிசையில் இருக்க, பிள்ளைகள் வேறு வரிசையில் இருந்திருந்தால், யார் பக்கத்தில் யார் என்று எங்களுக்குத் தெரியாது. மேற்பார்வையாளர் வரைந்த இருக்கை வரைபடம் பெரும்பாலும் மண்டபத்தோடு போய்விடுகிறது.

ஒப்படைகளில் வேறு விதமான தடயம் கிடைக்கும். பிரெட்ரிக் கோட்டை பற்றி ஒரு பிள்ளை இப்படி எழுதியிருக்கிறது என்று வையுங்கள்: ‘போர்த்துக்கேயரிடமிருந்து கோட்டையை ஒல்லாந்தர் 1639இல் கைப்பற்றினர். ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையை ஆங்கிலேயர் 1795இல் கைப்பற்றினர்.’ இன்னொரு பிள்ளையின் ஒப்படையில், ‘போர்த்துக்கேயரிடமிருந்து கோட்டையை ஆங்கிலேயர் 1795இல் கைப்பற்றினர்.’ ‘கோட்டையை’ என்ற சொல்லில் கண் ஒரு வரி தாவியதில் ஒல்லாந்தர் காணாமல் போய்விட்டார்கள். எதையோ பார்த்து எழுதியது என்பது உறுதி. அது நண்பனின் கொப்பியா, இருவருக்கும் பொதுவான புத்தகமா என்பது இதிலிருந்து தெரியாது. கொப்பியில் அந்தச் சொல் ஒன்றின் கீழ் ஒன்றாக வந்திருந்தால் சந்தேகம் கூடும், அவ்வளவுதான்.

இவ்வளவு பார்த்த பிறகும் புள்ளியை வெட்டுவதற்கு முன் பிள்ளையோடு கதைக்க வேண்டும். இருவரையும் தனித்தனியே கூப்பிட்டு, 30,000 ரூபாய், 10 சதவீதம் என்று எண்ணை மாற்றி அதே கணக்கைக் கொடுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் வேண்டாம். பயத்தில் தெரிந்ததும் மறந்துபோகும் பிள்ளைகள் உண்டு, அவர்களுக்கு இன்னொரு நாள் கொடுங்கள். அதன் பிறகும் தெளிவில்லை என்றால் புள்ளியைக் கொடுத்துவிட வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

அடுத்த தவணையிலிருந்து ஒவ்வொரு கட்டோடும் இருக்கை வரைபடத்தின் பிரதி ஒன்றை வையுங்கள். செய்கைத் தாள்களைக் குப்பையில் போடாமல் விடைத்தாளோடு சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். வினாவாரியாகத் திருத்த இரண்டு நாள் கூடுதலாகத் தாருங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலையில் கணிதம் கற்பிக்கும் ஓர் ஆசிரியை