கச்சான் அடித்தால் மட்டும் போதாது

நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட மீன்வளத் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். நான் தரங்கம்பாடி மீனவர் வீட்டுப் பிள்ளை. ஆடி மாதத்தில் சில விடியற்காலை அப்பா வலையை இழுத்துவிட்டு, விறைத்த விரல்களை லுங்கியில் தேய்த்துக்கொள்வார். "தண்ணி சில்லுன்னு இருக்கு. நாலு நாள் பொறு" என்பார். அந்த நாலு நாளைப் பற்றித்தான் இந்த மடல்.

கோடியக்கரையிலிருந்து கொள்ளிடம் முகத்துவாரம் வரை நம் கரை ஏறக்குறைய தெற்கு வடக்காக ஓடுகிறது. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று கரையை ஒட்டி வடக்கே வீசும்போது, பூமியின் சுழற்சியால் மேல்தண்ணீர் வலப்பக்கம், அதாவது ஆழ்கடல் பக்கம் விலகும். விட்ட இடத்தை நிரப்ப அடித்தண்ணீர் மேலே வரும். வெயில் எட்டாத ஆழத்தில் கிடந்ததால் அது குளிர்ந்திருக்கும். செத்து அமிழ்ந்தவை மட்கிய சத்தும் அதில் சேர்ந்திருக்கும். வெளிச்சம் பட்டதும் சில நாளில் நுண்பாசி பெருகும். அப்புறம்தான் அதைத் தேடி மத்தியும் நெத்திலியும் வரும்.

ஆனால் தண்ணீர் மேலே வந்தாலே மீன் வந்துவிடாது. எந்த ஆழத்துத் தண்ணீர் வருகிறது என்பதுதான் கேள்வி. பெரு நாட்டில் 1970-ல் 1.2 கோடி டன்னுக்கு மேல் நெத்திலி பிடித்தார்கள். 1972-ல் எல் நினோ வந்தது. கரைக்காற்று நின்றுவிடவில்லை, தண்ணீர் ஏறுவதும் நிற்கவில்லை. ஆனால் மேலே இருந்த சூடான அடுக்கு தடித்துவிட்டதால், ஏறி வந்ததும் அந்த அடுக்கின் சத்தற்ற தண்ணீர்தான். முன்பே அளவுக்கு மீறிப் பிடித்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்து மீன்பிடியே சரிந்தது.

நம் கடலில் தடை வேறு மாதிரி. பெரிய ஆறுகளும் மழையும் கொட்டும் நன்னீர் வங்கக்கடலின் மேல் லேசான மூடியாக மிதக்கிறது. கச்சான் பலமாக அடித்தாலும் பல சமயம் மூடிக்கு அடியில் இருப்பது மேலே வருவதில்லை. அதனால்தான் நம் பக்கம் இந்த ஏற்றம் பெருவைப் போல இல்லாமல் பலவீனமாக இருக்கிறது.

காற்றின் வேகத்தையும் அலை உயரத்தையும் படகுக்காரர்களுக்குச் சொல்கிறீர்கள், சரி. அதோடு தண்ணீரின் சூட்டையும் சொல்லுங்கள். செயற்கைக்கோள் மேல்பரப்பைத்தான் பார்க்கும். கச்சான் மாதத்தில் மேகம் மறைத்தால் பல கருவிகளுக்கு அதுவும் தெரியாது. ஊருக்கு ஒரு ஃபைபர் படகில் கயிறு கட்டிய வெப்பமானி ஒன்று கொடுத்தால் போதும். தினமும் ஒரே இடத்தில் இரண்டு பாக ஆழத்திலும் பத்துப் பாக ஆழத்திலும் அளக்கட்டும்.

காற்று வெறுமனே கலக்கியிருந்தால் மேலே குளிரும், கீழே சற்றுச் சூடாகும். அடித்தண்ணீர் ஏறியிருந்தால் இரண்டு இடத்திலும் குளிரும். அந்த இரண்டு எண்களையும் இறங்குதளப் பலகையில் எழுதிப் போடுங்கள். டீசலைச் செலவழித்துப் போவதா, நாலு நாள் பொறுப்பதா என்பதைப் படகுக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.