குழி தோண்டும் முன் கணக்கைக் காட்டுங்கள்

நிலவெப்பப் பம்பு வடிவமைத்துப் பொருத்தித் தரும் பொறியாளர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் வணக்கம்.

நீங்கள் கொடுக்கும் கொட்டேஷன்களைச் சிறிய வீட்டுக்காரர்கள் என்னிடம் காட்டி, இது சரிதானா என்று கேட்பதுண்டு. பம்பின் மாடல், உத்தரவாதம், மண்ணுக்குள் புதைக்கும் குழாயின் நீளம் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் கடுங்குளிரில் அந்த வீட்டுக்கு எவ்வளவு வெப்பம் வேண்டும், அடியில் இருப்பது எந்த மாதிரி மண் என்ற இரண்டு விவரங்கள் பல சமயம் இருப்பதில்லை. அவை இல்லாமல் குழாயின் நீளத்தை எப்படி முடிவுசெய்கிறீர்கள்?

சுமார் 10 மீட்டருக்குக் கீழே மண்ணின் வெப்பநிலை கோடையிலும் குளிரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த இடத்தின் ஆண்டுச் சராசரியை ஒட்டி நிற்கும். சராசரி 10 டிகிரி என்றால், வெளியே மைனஸ் 10 அடிக்கும் இரவிலும் கீழே 10 டிகிரிதான். உறையாத திரவம் கலந்த தண்ணீர் குழாய் வழியே 0 டிகிரியில் இறங்கி, 3 டிகிரியில் மேலே வருகிறது. அந்தச் சிறிய வித்தியாசத்தை வாங்கிக்கொண்டு பம்புக்குள் இருக்கும் குளிரூட்டி ஆவியாகிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்த, அது சூடேறி, வீட்டுத் தரைக்கடியில் ஓடும் தண்ணீரை 35 டிகிரிக்குக் கொண்டுபோகிறது.

‘மாறாத வெப்பநிலை’ என்று விளம்பரம் செய்கிறீர்கள். நாம் வெப்பத்தை உறிஞ்சாத வரைக்கும்தான் அது மாறாது. குழாயைச் சுற்றியுள்ள மண் குளிர்ந்ததும், பக்கத்து மண்ணிலிருந்தும், ஆழம் குறைந்த குழாய் என்றால் மேலிருந்து வெயிலாலும் மழையாலும்தான் அது மெல்லத் தேறும். ஈரக் களிமண் சீக்கிரம் தேறும், உலர்ந்த மணல் தேறாது.

80 சதுர மீட்டர் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடுங்குளிரில் அதற்கு 5 கிலோவாட் வெப்பம் தேவை. பம்பு ஒரு பங்கு மின்சாரத்துக்கு நான்கு பங்கு வெப்பம் தருகிறது என்றால், 1.25 கிலோவாட் மின்சாரத்திலிருந்து வரும், மீதி 3.75 கிலோவாட்டை மண் தரவேண்டும். நல்ல பாறையில் மீட்டருக்கு 50 வாட் எடுக்கலாம் என்று வைத்தால் 75 மீட்டர் ஆழ்துளை போதும். துளை போடாமல் குழாயைப் படுக்கையாகப் புதைப்பதானால், ஈர மண்ணில் சதுர மீட்டருக்கு 25 வாட் கணக்கில் 150 சதுர மீட்டர் இடம் வேண்டும். அதே குழாயை 10 வாட் மட்டுமே தரும் உலர்மணலில் புதைத்தால் 375 சதுர மீட்டர்! சின்ன வீட்டில் அவ்வளவு தோட்டம் எங்கே இருக்கும்?

இடம் போதாதபோது நீளத்தைக் குறைத்துப் புதைத்துவிடுகிறார்கள். முதல் குளிர்காலத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். கோடையில் மண் முழுதாகத் தேறாவிட்டால், அப்புறம் மண்ணிலிருந்து திரும்பிவரும் தண்ணீரின் வெப்பநிலை ஒவ்வொரு ஆண்டும் முந்தைய ஆண்டைவிடக் கொஞ்சம் இறங்கும். பம்பு திணறும், துணைக்கு வைத்த மின்ஹீட்டர் சத்தமில்லாமல் ஓட ஆரம்பிக்கும். அது எத்தனை மணிநேரம் ஓடியது என்பதைப் பல பம்புகளின் திரையிலேயே பார்க்கலாம். ஆனால் அதை எங்கே பார்ப்பது என்று வீட்டுக்காரருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. மின்கட்டணம் வந்த பிறகுதான் அவருக்குத் தெரிகிறது. அதற்குள் குழாயின் மேல் புல்லும் செடியும் வளர்ந்திருக்கும். திரும்பத் தோண்டுவது லேசான வேலையா?

எனவே முதலில் வீட்டைப் பாருங்கள். கூரையிலும் சுவரிலும் வெப்பக்காப்பு போட்டு, ஜன்னல் இடுக்குகளை அடைத்து, தேவை 3 கிலோவாட்டுக்கு இறங்கினால், அதே பாறையில் 45 மீட்டர் துளையே போதும். ஆனால் இங்கே ஒரு சிக்கலும் உண்டு. துளையின் ஆழம் குறைந்தாலும், துளையிடும் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தும் செலவு குறைவதில்லை. தேவை குறைந்துவிட்ட வீட்டில் மிச்சமாகும் மின்சாரமும் கொஞ்சம்தான். அதனால் நன்றாகக் காப்பிட்ட தனிச் சிறு வீட்டுக்குப் பெரும்பாலும் காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் பம்பே பொருந்தும் என்பது என் கருத்து. நான்கைந்து சிறு வீடுகள் சேர்ந்து துளைகளைப் பகிர்ந்துகொண்டால் கணக்கே வேறு; அந்த யோசனையை நீங்களே முன்வைக்கலாமே!

ரேடியேட்டர் 55 டிகிரி கேட்கும் பழைய வீடாக இருந்தால், நான்கு பங்கு என்ற கணக்கு அங்கே நிற்காது. ஆண்டு முழுவதும் வெயில் காயும் இடங்களில் மண்ணே 27, 28 டிகிரி இருக்கும். ஏசிக்காக அதில் வெப்பத்தைக் கொட்டிக்கொண்டே இருந்து, திருப்பி எடுக்கக் குளிர்காலமும் இல்லை என்றால், மண் வருடா வருடம் சூடாகும். அங்கே சிறு வீட்டுக்கு இதை விற்காதீர்கள்.

இனிக் கொடுக்கும் ஒவ்வொரு கொட்டேஷனின் முதல் பக்கத்திலும் நான்கு விவரங்களை எழுதுங்கள்: அறைவாரியாகக் கணக்கிட்ட வெப்பத் தேவை, மண்ணின் வகை, மீட்டருக்கு எத்தனை வாட் என்று எடுத்துக்கொண்டீர்கள், பத்தாவது குளிர்காலத்தில் திரும்பிவரும் தண்ணீர் எத்தனை டிகிரியில் இருக்கும். இந்த எண்கள் ஒத்துவராத வீட்டில், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

அன்புடன்,
சிறு வீட்டுக்காரர்களுக்காக ஒருவர்