900 பெட்டி ஏறும் என்று முத்திரை வைத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

லோடு பிளான் பிரிவின் மேலாளர் அவர்களுக்கும், அந்தத் தாளில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று முத்திரை வைப்பவர்களுக்கும்,

வணக்கம்.

கடந்த வாரத்து 40 அடி ஹை க்யூப் கன்டெய்னரில், உங்கள் தாள் சொன்ன 900 பெட்டியில் 749 மட்டுமே ஏறியது உங்களுக்குத் தெரியும். படங்கள் வந்தன, தொலைபேசியில் பேசியாயிற்று, ‘ஏற்றுகிறவர்கள் நெருக்கி அடுக்கவில்லை’ என்று நீங்கள் பதிலும் எழுதிவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல். நெருக்கி அடுக்கியும் ஏன் ஏறவில்லை என்பதை உங்கள் தாளில் உள்ள எண்களை வைத்தே சொல்லிவிடுகிறோம்.

உங்கள் தாளில் பெட்டியின் அளவு 60 × 40 × 35 செ.மீ., அதாவது 0.084 கன மீட்டர். கன்டெய்னரின் கொள்ளளவு 76.3 கன மீட்டர். பின்னதை முன்னதால் வகுத்தால் 908 வருகிறது. பெருந்தன்மையோடு எட்டைத் தள்ளிவிட்டு 900 என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் ‘99% நிரம்பும், எடையும் எல்லைக்குள்’ என்ற குறிப்பு வேறு. ஏற்ற வேண்டியது தண்ணீராக இருந்தால் இந்தக் கணக்குக்கு மாலை போடலாம். பெட்டிக்கு மூலை உண்டு. மிச்சமிருக்கும் இடத்துக்கு ஏற்ற மாதிரி அது வளைந்து கொடுக்காது.

உயரத்திலிருந்து தொடங்குவோம். உள் உயரம் சுமார் 269.8 செ.மீ. பெட்டியின் மிகச் சிறிய பக்கமே 35 என்பதால் ஏழு அடுக்குக்கு 245 ஆகிறது, எட்டுக்கு 280 வேண்டும். பெட்டியை எப்படிக் கவிழ்த்தாலும் எட்டாவது அடுக்கு வராது. ஆக, மேலே ஒரு சாண் அளவுக்குக் காற்றுதான் பயணம் போகும். கொள்ளளவை வகுத்தபோது அந்தக் காற்றிலும் பெட்டி இருப்பதாக எண்ணிவிட்டீர்கள்.

அடுத்து தரை. அகலம் 235.2, நீளம் 1,203.2 செ.மீ. ஒரு வரிசையைக் குறுக்காகவும் நான்கு வரிசைகளை நெடுக்காகவும் வைத்தால் அகலத்தில் 220 செ.மீ. நிறைகிறது. குறுக்கு வரிசையில் 30 பெட்டி, நெடுக்கு வரிசை ஒவ்வொன்றிலும் 20 பெட்டி, மொத்தம் அடுக்குக்கு 110. ஏழு அடுக்குக்கு 770. பெட்டியைச் சாய்க்காமல் நிமிர்த்தியே அடுக்கினால், அது அச்சு அசலாக 60 × 40 இருந்து, சுவர் நூல் பிடித்தாற்போல் இருந்தாலும் கிடைப்பதே இவ்வளவுதான். 130 பெட்டி காகிதத்திலேயே வெளியே நின்றுவிட்டது. இதைக் கண்டுபிடிக்க மென்பொருள் எதுவும் தேவையில்லை, ஒரு பென்சில் போதும்.

ஏற்றுமிடத்தில் அந்த 770-ம் வராது. 20 பெட்டியை நீளவாக்கில் வைத்தால் 1,200 செ.மீ., மிச்சம் 3.2 செ.மீ. ஆக ஒரு பெட்டிக்குக் கிடைக்கும் தளர்வு ஒன்றரை மில்லிமீட்டர். பொருளை நிரப்பி, மடிப்பை மூடி, டேப் ஒட்டிய பெட்டி பக்கவாட்டில் புடைக்கும். மேலே சுமை ஏறினால் இன்னும் கொஞ்சம் புடைக்கும், ஈரக்காற்றில் நின்ற அட்டை என்றால் சொல்லவே வேண்டாம். உங்கள் தாளில் உள்ள 60 செ.மீ. பெட்டியின் உள்ளளவா வெளியளவா என்பதையும் யாரும் குறிப்பிடவில்லை. நாங்கள் பொருள் நிரப்பிய பத்துப் பெட்டிகளை வரிசையாக ஒட்டி வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு டேப் பிடித்தோம். 605 செ.மீ. வந்தது. குறுக்காக வைத்த பத்துக்கு 405. அதாவது உங்கள் 60 இங்கே 60.5, உங்கள் 40 இங்கே 40.5.

அரை சென்டிமீட்டர்தானே என்று தோன்றலாம். 20 × 60.5 என்றால் 1,210, கன்டெய்னர் அதைவிடச் சின்னது. 30 × 40.5 என்றால் 1,215, அதுவும் போகாது. நெடுக்கு வரிசை 19 ஆகவும் குறுக்கு வரிசை 29 ஆகவும் இறங்குகிறது. கதவுப் பக்கம் நெடுக்கு வரிசைகளின் முனையில் மிஞ்சும் 53.7 செ.மீ. இடைவெளியில் இரண்டு பெட்டியைத் திருப்பி வைக்கலாம், வைத்தோம். அதையும் சேர்த்தால் அடுக்குக்கு 107, ஏழு அடுக்குக்கு 749. இன்னொன்றையும் கவனியுங்கள்: 40 அடி கன்டெய்னருக்கு ஐஎஸ்ஓ 668 தரநிலை உறுதி தரும் குறைந்தபட்ச உள்நீளம் 1,199.8 செ.மீ. மட்டுமே. கையேட்டில் உள்ள 1,203.2 ஒவ்வொரு கன்டெய்னரிலும் இருக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. தரநிலையின் எல்லையில் நிற்கும் கன்டெய்னர் வந்தால், புடைப்பே இல்லாத 20 பெட்டிகூட இரண்டு மில்லிமீட்டரில் முட்டி நிற்கும்.

900-க்கும் 749-க்கும் இடையே உள்ள 151 பெட்டி உங்களுக்கு ஒரு கழித்தல் கணக்கு. இங்கே அது எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பேக்கிங் லிஸ்ட் வரிசைப்படி ஏற்றுவதால், இடம் தீரும்போது வெளியே நிற்பவை எல்லாம் கடைசிப் பொருளின் பெட்டிகள். வாங்குபவரோ முதல் கன்டெய்னரில் ஒவ்வொரு பொருளிலும் கொஞ்சமாவது இருக்க வேண்டும் என்று ஆர்டரில் எழுதியிருக்கிறார். எனவே ஏற்றிய சுவரைப் பிரிக்க வேண்டும். தலைக்கு மேலே இரண்டரை மீட்டர் உயரத்தில் அடுக்கியதை, ஒரு பெட்டி 26 கிலோ வீதம், ஏணியில் நின்று இறக்கி, எண்ணைப் பார்த்துப் பிரித்து, மறுபடி ஏற்ற வேண்டும். தகரப் பெட்டிக்குள் வெயில் நேரத்தில் காற்று எப்படி இருக்கும் என்று விவரிக்கத் தேவையில்லை. பிரித்து ஏற்றிய பெட்டி முதல் தடவை போல் சதுரமாக நிற்காது, மூலை நசுங்கியிருக்கும். கடைசி வரிசை கதவை முட்டும், இரண்டு பேர் தோள் கொடுத்துத்தான் பூட்டுக் கம்பியை மாட்ட முடியும். அப்படி மூடிய கதவை அந்தப் பக்கம் திறப்பவர் மேல் முதலில் விழுவது எது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். இத்தனைக்கும் காரணம் ‘நெருக்கி அடுக்கவில்லை’யாம்.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. கன அளவை வகுத்து எண்ணிக்கை எழுதாதீர்கள். ஓர் அடுக்கின் வரைபடத்தை, எத்தனை அடுக்கு என்ற எண்ணோடு அனுப்புங்கள். அளவு பொருள் நிரப்பிய பெட்டியில் எடுத்ததாக இருக்கட்டும்.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘எல்லைக்குள்’ என்ற சொல்லில்தான் பெரிய சமாதானம் ஒளிந்திருக்கிறது. தாளில் பெட்டிக்கு 24 கிலோ, 900-க்கு 21,600. கன்டெய்னரின் வெற்று எடை 3,900 சேர்த்து 25,500. கதவில் உள்ள மொத்த எடை வரம்பு 32,500. ஆமாம், எல்லைக்குள்தான். ஆனால் அந்த 24 கிலோ இன்வாய்ஸில் உள்ள நிகர எடை. அட்டை, உள் உறை, பிரிப்புத் தட்டு எல்லாம் சேர்த்துத் தராசில் வைத்தால் 26. நிஜத்தில் ஏறிய 749 பெட்டிக்கு 19,474 கிலோ, முட்டுக்கட்டையும் காற்றுப் பையும் 60 கிலோ, வெற்று எடை 3,900, மொத்தம் 23,434. உங்கள் எண்ணுக்கும் இதற்கும் இரண்டாயிரம் கிலோவுக்கு மேல் வித்தியாசம். எண்ணிக்கையில் கூட்டி எழுதியதும் எடையில் குறைத்து எழுதியதும் ஒன்றை ஒன்று பாதி மறைத்துக்கொண்டன. அதனால்தான் யார் கண்ணுக்கும் படவில்லை.

2016 ஜூலை 1 முதல், கப்பல் பாதுகாப்புக்கான சோலாஸ் விதிப்படி, சரிபார்த்த மொத்த எடை தெரிவிக்கப்படாத கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்கு இரண்டு வழி: நிரப்பிய கன்டெய்னரை அப்படியே எடை போடுவது, அல்லது உள்ளே போன ஒவ்வொன்றையும் எடை போட்டு வெற்று எடையோடு கூட்டுவது. லோடு பிளானில் உள்ள எண்ணைப் படிவத்தில் எடுத்து ஒட்டுவது மூன்றாவது வழி, அது விதியில் இல்லை. வெற்று எடையைக்கூட கையேட்டிலிருந்து எடுக்காமல், வந்து நிற்கும் கன்டெய்னரின் கதவைப் பார்த்து எழுதுங்கள். கன்டெய்னருக்குக் கன்டெய்னர் அது மாறும்.

மிஞ்சிய 151-க்கு நீங்கள் அனுப்பிய இரண்டாவது பிளான், முதல் பிளானையும் மிஞ்சிவிட்டது. 20 அடி ஹை க்யூப் கன்டெய்னரில் முன்சுவரை ஒட்டி ஏழு அடுக்காக நிறுத்தச் சொல்லியிருந்தீர்கள். அப்படி நிறுத்தினால் நான்காயிரம் கிலோவுக்குச் சற்றுக் குறைவான சுமை மொத்தமும் முதல் இரண்டரை மீட்டருக்குள் நிற்கும், பின்பாதி காலி. சுமையில் 60 விழுக்காட்டுக்கு மேல் ஒரு பாதி நீளத்தில் நிற்கக் கூடாது என்பது கன்டெய்னரில் சரக்கு அடுக்குவதற்கான சிடியூ நடைமுறைத் தொகுப்பின் பொது விதி. இங்கே நூறு விழுக்காடு ஒரே பாதியில். கிரேன் தூக்கும்போது ஒரு முனை தாழும். லாரி சட்டென்று கிளம்பினால் பின்னால் எதுவும் இல்லாத ஏழு அடுக்குச் சுவர் காலியான பக்கம் சாயலாம். அதே 20 அடித் தரையில் அதே முறையில் அடுக்கினால் அடுக்குக்கு 52 பெட்டி வருகிறது, மூன்று அடுக்கில் 156 இடம். 151 பெட்டி முழுத் தரையிலும் சமமாகப் பரவி, இடுப்பு உயரத்தில் நின்றுவிடுகிறது. நாங்கள் அப்படித்தான் ஏற்றினோம், ‘பிளானைப் பின்பற்றவில்லை’ என்று உங்கள் பிரிவிலிருந்து குறிப்பும் வாங்கிக்கொண்டோம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தப் பிரிவில் சுரைக்காய்க்கு முத்திரையும் வைத்துத் தருகிறார்கள். முத்திரை வைப்பவர்களில் எத்தனை பேர் கன்டெய்னருக்குள் நின்று மேலே பார்த்திருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை. மரியாதைக் குறைவாக எழுதும் எண்ணம் எங்களுக்கு இல்லை, கைவலியில் வந்த வார்த்தை என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே அளவுப் பெட்டிக்கு 95 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பும் என்று ஒரு தாள் சொன்னால், அதை முதலில் சந்தேகியுங்கள். நாங்கள் ஏற்றிய 749 பெட்டி, உங்கள் 0.084 கணக்கில் பார்த்தால், கொள்ளளவில் சுமார் 82 விழுக்காடு. இனிமேல் இடமே இல்லை என்று கதவு சொன்ன எண் அது.

அடுத்த ஸ்டஃபிங் வியாழக்கிழமை. பெட்டி புதிது, 52 × 38 × 30 என்று தாள் வந்திருக்கிறது, எண்ணிக்கை 1,280 என்று போட்டிருக்கிறது. எப்படி வந்த எண் என்று வகுத்துப் பார்த்துவிட்டோம். தயவுசெய்து புதன்கிழமைக்குள் ஓர் அடுக்கின் வரைபடம், அடுக்குகளின் எண்ணிக்கை, பொருள் நிரப்பிய பத்துப் பெட்டியில் எடுத்த அளவு, தராசில் வைத்த மொத்த எடை ஆகிய நான்கையும் அனுப்பி வையுங்கள். டேப் இல்லையென்றால் சொல்லுங்கள், எங்களிடம் இரண்டு இருக்கின்றன.

இப்படிக்கு,
ஏற்றுமிடப் பணியாளர்கள்