பெட்டிக்குள் இருந்த மட்டை

ஆசிரியர் அவர்கட்கு,

பங்குனி வெக்கை தாங்காமல் இணையத்தில் ஒரு சார்ஜ் விசிறி வாங்கினேன். ஒரே அச்சில் வார்த்தது போல இரண்டு விசிறிகள் இருந்தன. விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. ஒன்றுக்கு 4.7 நட்சத்திரம், மற்றதற்கு 4.3. இரண்டுக்கும் ஆளுக்கு 200 கருத்துகள். யோசிக்காமல் 4.7ஐ எடுத்தேன். எட்டு மணித்தியாலம் சுழலும் என்றார்கள். மூன்றாம் கிழமையே ஒரு மணித்தியாலத்தோடு பற்றரி படுத்துவிட்டது.

பெட்டியைத் திருப்பி அனுப்பலாமென்று எடுத்தபோதுதான் அடியில் கிடந்த மட்டையைக் கண்டேன். 5 நட்சத்திரம் போட்டு, அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 300 ரூபாய் ரீலோட் என்று அச்சடித்திருந்தது. கருத்துகளுக்குப் பக்கத்தில் 'பொருளை வாங்கியவர்' என்ற அடையாளம் இருந்ததே என்று நம்பியிருந்தேன். அது பொய்யில்லை. அவர்கள் வாங்கியவர்கள்தான், ரீலோட்டையும் சேர்த்து.

அன்றிரவு கருத்துகளைத் திகதி வரிசையில் போட்டுப் பார்த்தேன். 200இல் 150 ஒரே கிழமைக்குள் வந்தவை, எல்லாமே 5 நட்சத்திரம். "பொதி நல்லம், கெதியா வந்தது" என்பதைத் தாண்டி எவரும் எழுதவில்லை. பெட்டி திறந்த அன்றே எழுதினால் பற்றரியைப் பற்றி என்னத்தை எழுதுவது? சரி, கணக்குப் போடுவோம். 4.7 வீதம் 200 பேருக்கு 940 நட்சத்திரம். அந்த 150 பேரின் 750ஐக் கழித்தால் மீதி 190. அதை 50 பேருக்குப் பிரித்தால் 3.8தான் வருகிறது. நான் ஒதுக்கிய விசிறியின் 4.3 மாதக்கணக்கில் சிறிது சிறிதாகச் சேர்ந்தது. அதில் 3 நட்சத்திரம் போட்ட ஒருவர், இரண்டு மாதத்தின் பின்னும் ஐந்து மணித்தியாலம் ஓடுகிறது, சத்தம்தான் கூட என்று எழுதியிருக்கிறார். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரிதான்.

ஒரே கிழமையில் குவிந்ததெல்லாம் கள்ளம் என்றும் சொல்ல முடியாது. புதுவருட மலிவு விற்பனையிலும் கருத்துகள் குவியும். ஆனால் அப்போது பிந்தி வந்தது, நிறம் மாறி வந்தது என்று ஏசுபவர்களும் கூடவே வருவார்கள். ஐந்து மட்டும் தனியாகக் குவிந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மட்டையின் படத்தோடு ஒரு நட்சத்திரம் போட்டேன். மறுநாளே விற்றவர் அழைத்தார். கருத்தை நீக்கினால் முழுக் காசையும் தருவாராம், விசிறியையும் நானே வைத்திருக்கலாமாம். நான் நீக்கவில்லை. ஆனால் எனக்கு முன் எத்தனை பேர் நீக்கினார்களோ. அப்படிப் பார்த்தால் நான் கண்டுபிடித்த 3.8 கூடக் கொஞ்சம் ஊதியதாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கொக்குவில்.